மார்ச் 12 காலை 8 மணிக்கு உங்கள் ஆட்கள் எங்கே இருந்தார்கள்? சைட் டைரி எழுதுவது பற்றி

வேலை முடிந்து எட்டு மாதம் கழித்து மெயின் கான் அலுவலகத்தில் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். ஐந்தாவது மாடி ஸ்லாப் மூன்று நாள் தாமதமானதற்குக் கம்பி வேலை செய்த சப் கான்தான் காரணம், அதற்காக இவ்வளவு பிடித்துக்கொள்கிறோம் என்று ஒரு தாளை நீட்டுவார்கள். "இல்லை சார், இடமே எங்களுக்குக் கிடைக்கவில்லை, ஆட்கள் சும்மா நின்றார்கள்" என்று நீங்கள் சொல்வீர்கள். உடனே அடுத்த கேள்வி வரும்: எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?

எனக்கு அப்படி ஒரு மேசை வாய்த்தது. டைரியைத் திறந்தேன். அந்த நாளுக்கு நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "5ஆம் மாடி கம்பி வேலை. 12 ஆட்கள். மழை. வேலை லேட்." எதிரில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, "மழையால் லேட் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே" என்றார். காலையில் மூன்றரை மணி நேரம் இடத்துக்காகக் காத்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் தாளில் இருந்தது மழை மட்டும்தான். அன்றிலிருந்து நான் டைரி எழுதும் முறையே மாறிவிட்டது.

புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்கள், சப் கான் பக்கம் நின்று டைரி எழுதுபவர்கள் இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். டைரியில் எழுத எத்தனையோ விஷயம் உண்டு. நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: ஆட்கள் வேலைக்கு வந்தும் இடம் கிடைக்காமல் நிற்கும் நாள். சிங்கப்பூர்த் தளங்களில் சப் கான்களின் பணம் அதிகம் கரைவது அப்படிப்பட்ட நாட்களில்தான்.

பெரும்பாலான டைரிகள் நடந்த வேலையை மட்டும் சொல்லும். ஆனால் தகராறு வரும்போது கேட்கப்படுவது நடக்காத வேலையைப் பற்றி. எந்த வேலைக்குத் திட்டம் இருந்தது, அது எங்கே நின்றது, ஏன் நின்றது, நிற்கும்போது நாம் என்ன செய்தோம், யாரிடம் சொன்னோம்? இவற்றுக்குப் பதில் இல்லாத டைரி, ஆட்கள் வந்ததற்கான வருகைப் பதிவு மட்டுமே.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். பொங்கோலில் கட்டப்படும் ஒரு கொண்டோமினியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி கட்டும் சப் கானின் சூப்பர்வைசர் நீங்கள். 5ஆம் மாடி ஸ்லாப், பி பகுதி, கிரிட் சி முதல் எஃப் வரை. அங்கே பலகை அடிப்பது வேறொரு சப் கான். பலகை முடிந்து, மெயின் கான் சோதித்து ஒப்படைத்த பிறகுதான் நீங்கள் மேலே ஏற முடியும். காலை 8 மணிக்கு இடம் தயாராக இருக்கும் என்று முந்தைய நாள் மாலைக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். 8 மணிக்கு மேலே போய்ப் பார்த்தால் சி–டி இடத்தில் பலகை இருக்கிறது, சோதனை முடியவில்லை. டி–எஃப் இடத்தில் பலகையே முழுதாக அடிக்கவில்லை. 11.30க்கு சி–டி மட்டும் கையில் வருகிறது. மதியம் மழையும் பெய்கிறது.

இந்த நாளை நான் இப்படி எழுதுவேன்:

மார்ச் 12, செவ்வாய். 5ஆம் மாடி ஸ்லாப், பி பகுதி, கிரிட் சி–எஃப்.
ஆட்கள்: கம்பி கட்டுபவர்கள் 12 பேர் வந்தனர். வராத ஒருவர் எம்.சி. டூல்பாக்ஸ் மீட்டிங் 7.30.
இன்றைய திட்டம்: சி–எஃப் அடிக்கம்பி. மெயின் கான் 11ஆம் தேதி மாலைக் கூட்டத்தில் 8.00 மணிக்கு இடம் தருவதாகச் சொன்னது.
நம் தயார்நிலை: சி–எஃப் அடிக்கம்பி வெட்டி வளைத்து யார்டில் உள்ளது, டேக் கட்டியாயிற்று. டவர் கிரேன் 8.15–8.45 நமக்கு ஒதுக்கியது. கட்டுமானப் படத்தின் கடைசித் திருத்தம் கையில் உள்ளது.
8.00: சி–டி பலகை உள்ளது, மெயின் கான் சோதனை முடியவில்லை. டி–எஃப் பலகை சுமார் மூன்றில் ஒரு பங்கு இல்லை. மேலே ஏற அனுமதி இல்லை. படம் எடுத்தேன் (6).
8.10: மெயின் கான் சைட் எஞ்சினியரிடம் இடத்திலேயே சொன்னேன். 11 மணிக்குள் சி–டி தருவதாகச் சொன்னார். 8.14 வாட்ஸ்அப் அனுப்பினேன்.
8.15: இறக்க இடம் இல்லாததால் கிரேன் நேரம் பயன்படவில்லை.
8.30: 5 பேரை 6ஆம் மாடித் தூண் கூடு கட்ட யார்டுக்கு அனுப்பினேன். 7 பேர் 5ஆம் மாடி ஏணி அருகே காத்திருந்தனர்.
11.30: சி–டி கிடைத்தது. 7 பேர் தொடங்கினர். யார்டில் இருந்த 5 பேர் 1.00க்குச் சேர்ந்தனர்.
2.10–3.25: கனமழை, இடி. 12 பேரும் நிறுத்தினர்.
5.00: சி–டி அடிக்கம்பி முடிந்தது. டி–எஃப் இன்னும் கிடைக்கவில்லை.
காத்திருந்த நேரம், இடம் கிடைக்காததால்: 7 பேர் 3.5 மணி, 5 பேர் 0.5 மணி. மொத்தம் 27 ஆள்-மணி.
காத்திருந்த நேரம், மழையால்: 12 பேர் 1.25 மணி. மொத்தம் 15 ஆள்-மணி.

நீளமாகத் தெரியலாம். ஆனால் ஒரே மூச்சில் எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு சம்பவம் நடக்கும்போதும் சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில் மணியை மட்டும் குறித்துக்கொண்டால், மாலையில் டைரியில் ஏற்றப் பத்து நிமிடம் போதும்.

இதில் புதியவர்கள் அநேகமாக விட்டுவிடும் வரி "நம் தயார்நிலை". எனக்கு இதுதான் மிக முக்கியமான வரி. மெயின் கான் சொல்லப்போகும் முதல் பதில் என்னவென்று யோசியுங்கள். "சரி, இடம் 11.30க்குத்தான் கிடைத்தது. ஆனால் 8 மணிக்கே கொடுத்திருந்தாலும் உங்கள் கம்பி வந்திருக்காதே, நீங்களும் எங்களுக்காகக் காத்திருந்தீர்கள், நாங்களும் உங்களுக்காகக் காத்திருந்தோம்" என்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் தாமதம் என்று ஆகிவிட்டால் உங்கள் கோரிக்கை பாதியாகும், சில நேரம் முழுவதுமே போகும். ஆட்கள் இருந்தார்கள் என்பதோடு கம்பியும் தயார், கிரேனும் ஒதுக்கியாயிற்று, படமும் கையில் என்று அன்றைக்கே எழுதியிருந்தால் அந்த வாதத்துக்கு இடமே இல்லை. உங்கள் கம்பி உண்மையிலேயே வரவில்லை என்றால் அதையும் எழுதத்தான் வேண்டும். கம்பி வந்த டெலிவரி ஆர்டர் அவர்கள் கோப்பிலும் இருக்கும், மறைத்து ஆகப்போவது எதுவும் இல்லை.

அடுத்தது அந்த 5 பேர். 12 பேரும் காலை முழுவதும் சும்மா நின்றார்கள் என்று எழுதினால் 42 ஆள்-மணி வரும். 27ஐ விட அது பெரிய எண்தான். ஆனால் தூண் கூடு கட்டிய 5 பேரின் பெயர் அன்றைய யார்டு வேலைப் பதிவில் இருக்கும். அதை எதிர்ப்பக்கம் கண்டுபிடிக்கும்போது போவது அந்த 15 ஆள்-மணி மட்டும் இல்லை. அந்தப் புத்தகத்தின் மற்ற எல்லாப் பக்கங்களையும் சந்தேகத்தோடு படிப்பார்கள். மாறாக, ஆட்களை வேறு வேலைக்கு மாற்றி இழப்பைக் குறைத்தோம் என்று நீங்களே எழுதியிருந்தால் மீதி எண்களை நம்புவது அவர்களுக்கு எளிதாகும். ஒருவர் எம்.சி. என்று எழுதுவதும் அப்படித்தான். நமக்குச் சாதகம் இல்லாத வரிகள் உள்ள டைரிதான் உண்மையில் தளத்தில் எழுதிய டைரி போல இருக்கும், ஏனென்றால் எந்தத் தளத்திலும் எல்லா நாளும் ஒரு பக்கம் மட்டுமே சரியாக இருப்பதில்லை.

மழையைத் தனியாகப் பிரித்திருப்பதைக் கவனித்தீர்களா? என்னைக் கவிழ்த்தது இதுதான். பல ஒப்பந்தங்களில் மோசமான வானிலைக்குக் கூடுதல் நாள் கிடைக்கலாம், பணம் கிடைக்காது. இடம் தராததற்கோ நாளும் பணமும் இரண்டுமே கேட்க வாய்ப்பு உண்டு. இரண்டையும் ஒரே வரியில் கலந்துவிட்டால், பணம் தராத காரணத்தையே எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ளும். அதனால் காரணம் மாறும் ஒவ்வொரு முறையும் புது வரி, புது மணி. மழைக்கு உங்கள் தளத்தில் தொடங்கிய மணியும் நின்ற மணியும் வேண்டும். ஜூரோங்கில் கொட்டும்போது சாங்கியில் வெயில் அடிக்கும் ஊர் இது. வானிலை நிலையத்தின் அன்றைய மழை அளவு உங்கள் மாடியில் என்ன நடந்தது என்பதை முழுதாகச் சொல்லாது. மின்னல் எச்சரிக்கை வந்து கிரேனை நிறுத்தினால், எச்சரிக்கை வந்த மணி, நீங்கிய மணி, கிரேன் மறுபடி ஓடிய மணி மூன்றையும் எழுதுங்கள். எச்சரிக்கை நீங்கியும் கிரேன் அரை மணி நேரம் கழித்து ஓடினால் அந்த அரை மணி நேரம் மழைக் கணக்கில் வராது.

வேலை எவ்வளவு முடிந்தது என்பதைச் சதவீதத்தில் எழுதாதீர்கள். "40 சதவீதம் ஆனது" என்றால் எதில் நாற்பது என்ற கேள்வி வரும். டன் கணக்கும் அன்று மாலை எழுதும்போது அநேகமாக ஊகம்தான். கிரிட் எழுதினால் ஊகம் இல்லை. "சி–டி அடிக்கம்பி முடிந்தது, டி–எஃப் தொடங்கவில்லை" என்பதை அந்த மாலை எடுத்த படத்தோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

படம் எடுக்கும்போது முதலில் தூரத்திலிருந்து, கிரிட் எண்ணோ தூணில் எழுதிய மாடி எண்ணோ தெரியும்படி ஒன்று எடுங்கள். அப்புறம் பலகை இல்லாத இடத்தைக் கிட்டத்தில். வெறும் பலகையின் படம் எந்த மாடியிலும் எடுத்ததாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று மூலப் படத்தைப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். மூலக் கோப்பைத் தேதிவாரியாகத் தனியாகச் சேமித்து வையுங்கள்.

எழுதும் சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோபம் வரும், தெரியும். ஏழு பேர் ஏணி ஓரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எளிதில்லை. ஆனால் "மெயின் கான் பிளானிங் மோசம்" என்று எழுதினால் அது உங்கள் கருத்து. "டி–எஃப் பலகை மூன்றில் ஒரு பங்கு இல்லை" என்பது கண்ணால் பார்த்தது. "11 மணிக்குள் தருவதாகச் சொன்னார்" என்பது காதால் கேட்டது, சொன்னவர் யார் என்பதும் இருக்கிறது. காரணம் உங்களுக்கு நேரடியாகத் தெரியாவிட்டால், யார் சொன்னார் என்று சேர்த்து எழுதுங்கள். "பலகை ஆட்கள் ஆறு பேர்தான் வந்தார்கள் என்று அவர்கள் ஃபோர்மன் சொன்னார்" என்றால் சரி. நீங்களே எண்ணாமல் "ஆறு பேர்தான் வந்தார்கள்" என்று எழுதினால், குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரி உங்களைச் சிரமப்படுத்தும்.

ஆங்கிலத்தில் எழுத வராதே என்று தள்ளிப்போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். "வாரக் கடைசியில் அண்ணனிடம் கொடுத்து நல்ல ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்" என்பார்கள். வேண்டாம். அன்று மாலை தமிழில் எழுதிய பக்கம், ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் உட்கார்ந்து நல்ல ஆங்கிலத்தில் எழுதிய ஏழு நாள் பக்கங்களை விட மதிப்புள்ளது. தமிழ்ப் பக்கத்தை நீதிமன்றத்தில் காட்ட வேண்டி வந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பு தேவைப்படும், செலவாகும். அதனால் ஒப்பந்தத்தில் உள்ள இடப் பெயர், கிரிட், மணி, ஆள் எண்ணிக்கை இவற்றையாவது ஆங்கிலத்தில் எழுதப் பழகிக்கொள்ளுங்கள். மீதி தமிழில் இருக்கட்டும். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், தேதி மட்டும் மாறி வரும் ஏழு பக்கங்களை அனுபவம் உள்ள எவரும் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கக் கையெழுத்து போடுங்கள். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது, தாள் கிழிக்கக் கூடாது. மறந்ததை மறுநாள் சேர்ப்பதும் தப்பில்லை, "13ஆம் தேதி காலை சேர்த்தது" என்று எழுதிச் சேர்த்தால்.

இனி, டைரியால் ஆகாதது எது என்று பார்ப்போம். டைரி நோட்டீஸ் ஆகாது. தாமதத்துக்குக் கூடுதல் நாள் கேட்க ஒப்பந்தம் ஒரு காலக்கெடு வைத்திருக்கும். சிங்கப்பூர்க் கட்டடக் கலைஞர் கழகத்தின் ஒப்பந்தப் படிவத்தில் அது 28 நாள். உங்கள் சப் கான் ஒப்பந்தத்தில் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிடுங்கள். டைரியில் எழுதிவிட்டோம், அவர்களுக்கும் தெரியும் என்று இருந்தால் அந்தக் கெடு ஓடிவிடும். அன்று காலை 8.14க்கு வாட்ஸ்அப் அனுப்பியது நல்லது. ஆனால் ஒப்பந்தம் கடிதம் கேட்டால் கடிதம்தான் போக வேண்டும். கடிதத்தில் தேதியும் மணியும் டைரியிலிருந்து அப்படியே வர வேண்டும்.

அடுத்தது பணம். பணம் வராவிட்டால் சிங்கப்பூரில் பெரும்பாலான சப் கான்கள் போவது கட்டுமானத் துறைக்கான பணம் செலுத்தும் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக. எஸ்.ஓ.பி. ஆக்ட் என்று தளத்தில் சொல்வார்கள். 2005 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. அதில் தீர்ப்பாளர் மிகக் குறுகிய காலத்தில், எதிர்ப்பக்கம் பதில் கொடுத்த வழக்கில் 14 நாளில், பெரும்பாலும் தாள்களை வைத்தே முடிவு சொல்வார். புதிதாகச் சாட்சி தேடிப் போக அங்கே நேரம் இருக்காது.

2019 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்தைப் பலர் கவனிப்பதில்லை. செய்த வேலைக்கான பணம் வேறு, தாமதத்தால் வந்த இழப்பு, செலவு வேறு. இழப்பு, செலவு என்று கேட்பதற்கு, தொகையை இரு பக்கமும் ஒப்புக்கொண்ட ஆவணமோ, ஒப்பந்தப்படி தர வேண்டிய சான்றிதழ் போன்ற ஆவணமோ இல்லாவிட்டால் தீர்ப்பாளர் அந்தப் பகுதியைக் கணக்கில் எடுக்க மாட்டார். நம் 27 ஆள்-மணி இந்த வகைதான். உங்கள் டைரி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நீங்கள் மட்டும் எழுதியது அங்கே போதாது. மெயின் கான் தாமதத்துக்காக உங்களிடம் பிடிக்கும் பணத்துக்கும் இதே விதி பொருந்தும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதனால் டைரியோடு கூட ஒரு தாள் வேண்டும். காத்திருந்த நேரத்துக்கான தாள், ஸ்டாண்ட்பை ஷீட் என்பார்கள். அன்று மாலையே தேதி, இடம், 7 பேர் 3.5 மணி, 5 பேர் 0.5 மணி, மொத்தம் 27 என்று எழுதி மெயின் கான் எஞ்சினியரிடம் கையெழுத்து கேளுங்கள். ஒப்பந்தத்தில் காத்திருப்புக்கு விலை இருந்தால் அதையும் எழுதுங்கள். ஒரு ஆள்-மணிக்கு 18 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 486 வெள்ளி. ஒரு நாளுக்கு இது சின்னத் தொகை. இருபது நாளுக்கு 9,720 வெள்ளி. மணிக்கு மட்டும் கையெழுத்து கிடைத்து, விலையில் உடன்பாடு இல்லை என்றால், எஸ்.ஓ.பி. வழியில் அந்த இழப்பைக் கேட்பது கடினம். ஆனால் நடுவர் மன்றத்திலோ நீதிமன்றத்திலோ அந்தக் கையெழுத்து பெரிய பலம்.

எஞ்சினியர் கையெழுத்து போட மறுத்தால்? அடிக்கடி நடக்கும். "நேரத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், பணத்தை இல்லை" என்று எழுதிப் போடச் சொல்லுங்கள், பலர் அதற்குச் சம்மதிப்பார்கள். அதற்கும் மறுத்தால் தாளைப் படம் எடுத்து அவருக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, "5.20க்குக் கொடுத்தேன், கையெழுத்து போடவில்லை, 5.35க்கு மின்னஞ்சல்" என்று டைரியில் எழுதுங்கள். அவர் மறுத்துப் பதில் எழுதவில்லை என்பதும் பின்னால் ஒரு சான்றுதான்.

புத்தகத்தை வேலை முடிந்ததும் தூக்கி எறியாதீர்கள். ஒப்பந்த வழக்குகளுக்கு இங்கே பொதுவாக ஆறு வருடக் கெடு உண்டு. வேறு கம்பெனிக்குப் போகும் சூப்பர்வைசர் டைரியைத் தன் டார்ம் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டால், முதலாளியிடம் வெறும் இன்வாய்ஸ் மட்டும்தான் இருக்கும். வாரம் ஒருமுறை பக்கங்களைப் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். எழுதிய வாரத்திலேயே அலுவலகத்துக்குப் போன படம், பக்கம் பின்னால் எழுதப்படவில்லை என்பதையும் காட்டும்.

நம் மார்ச் 12க்குத் திரும்புவோம். மாலை 5 மணிக்கு டி–எஃப் இன்னும் கிடைக்கவில்லை என்று முடித்தோம் இல்லையா? 13ஆம் தேதி டைரி அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தாமதம் தொடங்கியதை எழுதுபவர்கள் உண்டு, அது முடிந்ததை எழுதுபவர்கள் குறைவு. முடிந்த மணி இல்லாவிட்டால், டி–எஃப் 13ஆம் தேதி காலை 8 மணிக்கே கிடைத்தது என்று எதிர்ப்பக்கம் சொல்லும். அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. அதனால் மறுநாள் முதல் வரி இப்படி இருக்கட்டும்: "8.00: டி–எஃப் கிடைக்கவில்லை. 10.40: டி–எஃப் கிடைத்தது, மெயின் கான் எஞ்சினியர் இடத்திலேயே சொன்னார். 12 பேர் தொடங்கினர்."